வட்டத்துக்கு வந்த புதியவர்

முத்திரை சேகரிப்போர் கூடும் எந்த வட்டத்திலும் புதிதாகச் சேருபவர் முதல் நாளிற் பேசும் பேச்சு ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்ததாகவே இருக்கும். பெயரைச் சொல்லுவார், ஊரைச் சொல்லுவார், தம்மிடம் இத்தனை ஆயிரம் முத்திரைகள் உண்டென்பார். பின்னர் சற்றுத் தயங்கி, கையிலிருக்கும் பொதியை அவிழ்த்து, "இது பழையது, எவ்வளவு பெறும்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு முன்னே சொன்னவை யாவும் அதற்கான முகவுரையே என்பது பழைய அங்கத்தவர்களுக்குத் தெரியும். நேயர்களும் எங்கேனும் கண்டிருப்பீர்கள்.

பழையவர்களின் வரவேற்பும் அப்படியொன்றும் புதுமையானதல்ல. ஒருவர் தமது சேகரிப்பின் பெருமையை அவிழ்த்து விடுவார். வேறொருவர் அல்பத்தைப் புரட்டியதும் நாக்கை 'இச்' கொட்டுவார். இன்னொருவர் ஒன்றும் பேசமாட்டார். ஆனால் கூட்டம் கலையும்போது புதியவரின் பக்கத்திலே நடந்து செல்வார். இந்த மூன்றாமவரைப் பற்றித்தான் பின்னர் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் முதன்முதல் ஒரு வட்டத்துக்குப் போன கதையை இங்கே மறைப்பதற்கில்லை. முத்திரைகளைச் செலோடேப்பினால் ஒட்டியிருந்தோம். அந்த நாடா சில ஆண்டுகளிற் பழுப்பு நிறமாகிக் காகிதத்துக்குள்ளே ஊறிவிடும் என்பதோ, பின்னர் அக்கறையை எளிதிற் போக்க முடியாது என்பதோ நமக்குத் தெரியாது. தலைவர் அல்பத்தை உயர்த்திப் பிடித்து மற்றவர்களுக்குக் காட்டினார். சிரித்தார்கள். நாம் அதன் பின்பு இரண்டு வருடகாலம் அந்தப் பக்கம் போகவில்லை. அந்த இரண்டு வருடங்களிலும் செலோடேப்பையே தொடர்ந்து பாவித்தோம் என்பதுதான் வேடிக்கை! சிரித்தவர்களில் ஒருவராவது, எதனால் ஒட்ட வேண்டும் என்று சொல்லித்தரவில்லை.

இப்பொழுது நாம் போய்வரும் வட்டம் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை கொழும்பிலே ஒரு வாசிகசாலையின் பின்னறையிற் கூடுவது. பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் காரியதரிசியாக இருக்கிறார். எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'தான். சில மாதங்களுக்கு முன்னர் அங்கே ஓர் இளைஞர் வந்தார். இருபத்திரண்டு வயதிருக்கலாம். பழைய பள்ளிக்கூடக் கொப்பியொன்றைத் துணியிலே சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பாட்டனார் தபாற் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர் என்றும், அவர் இளமையிற் சேர்த்தவை இவை என்றும், தமக்கு இதைப்பற்றி எதுவும் தெரியாதென்றும் சொன்னார். முன்னுரையே இல்லாத அந்தக் கடைசி வாக்கியம் எங்களுக்குப் பிடித்திருந்தது.

கொப்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரைகள் கோதுமைப் பசையினால் முழுமையாக ஒட்டப்பட்டிருந்தன. பசைக்காக வந்த பூச்சிகள் பக்கங்களின் ஓரத்தை அரித்திருந்தன. ஆறாவது பக்கத்திலே, நடுவில், பழுப்பு நிறத்தில் விக்டோரியா மகாராணியாரின் தலையோடு எண்கோண வடிவான ஒரு முத்திரை இருந்தது. இலங்கையின் ஒன்பது பென்ஸ் முத்திரை அது. அதைக் கண்டவுடன் நம்முடைய வாயிலிருந்து, "ஐயோ, வெட்டிப்போட்டார்களே!" என்ற சொல் புறப்பட்டுவிட்டது. செலோடேப் நாட்களை மறந்துவிட்டோம் போலும். இளைஞரின் முகம் வாடியதைப் பார்த்த பின்னரே நாம் செய்தது என்னவென்று நமக்கு விளங்கியது.

ஏன் அப்படிச் சொன்னோம் என்பதை நேயர்களுக்கு விளக்க வேண்டும். இலங்கையின் முதல் முத்திரை 1857ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் தேதி வெளிவந்த ஆறு பென்ஸ் முத்திரை. அதன் பின் வந்தவற்றுட் சில மதிப்புகளில், மகாராணியாரின் தலையைச் சுற்றி எண்கோணச் சட்டம் அமைந்தது. நான்கு, எட்டு, ஒன்பது பென்ஸ் முத்திரைகள் அவ்வாறானவை. லண்டனிலே பெர்க்கின்ஸ் பேக்கன் அச்சகத்தார் செப்பமாகச் செதுக்கி அச்சிட்டார்கள். முதலில் வந்தவற்றுக்கு ஓரத்திற் பற்கள் கிடையா. தாளிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டியெடுக்க வேண்டும். எண்கோணத்துக்கு வெளியேயும் நான்கு மூலைகளிலும் வெற்றுத்தாள் உண்டு. அந்த மூலைகளோடு சதுரமாக வெட்டினால் முத்திரை முழுமையானது. படத்தின் விளிம்பையே பின்பற்றி எட்டுப் பக்கமாக வெட்டிவிட்டால் மூலைகள் போய்விடும். அக்காலத்துச் சேகரிப்பாளர் பலர் அழகு கருதி அப்படித்தான் வெட்டினார்கள். நான்கு பக்கமும் ஓரம் விட்ட 1859ஆம் ஆண்டு ஒன்பது பென்ஸ் முத்திரை, பாவித்ததாயினும் விலைப்பட்டியலில் நூற்றுக்கணக்கான பவுண் பெறும். எண்கோணமாக வெட்டியதோ அதில் மிகச் சிறு பங்கையே பெறும்.

இவ்வளவும் உண்மையே. ஆயினும் முதல் நாளில், முதல் வார்த்தையாக, பத்துப் பேர் முன்னிலையிற் சொல்ல வேண்டியது அதுவல்ல.

மாஸ்டர் எங்களைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. கொப்பியைத் தம் பக்கம் இழுத்து, கண்ணாடியைச் சரிப்படுத்திக்கொண்டு, "தம்பி, பாட்டனார் எந்தக் கந்தோரில் வேலை பார்த்தவர்?" என்று கேட்டார். இளைஞர் சொன்னார். "அப்படியென்றால் அவர் இதை வெட்டியிருக்க மாட்டார். இந்த முத்திரை அவர் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முந்தியது. யாரோ வெட்டி, யாரோ கொடுத்து, இவரிடம் வந்திருக்கிறது. கடிதவுறையோடு இருந்திருந்தால் எப்போது வெட்டினார்கள் என்று கூடச் சொல்லலாம்" என்றார்.

அது எப்படி என்று இளைஞர் கேட்டார். இந்தக் கேள்வி பிறந்ததிலேயே பாதி வரவேற்பு நடந்து முடிந்துவிட்டது என்பது நமது எண்ணம். முத்திரையின் மேல் விழுந்த தபாற் குறி அதன் விளிம்பைத் தாண்டி உறையின் மேலும் படிந்திருக்கும் அல்லவா? வெட்டிய விளிம்பு வரையில் மை இடைவெளியின்றி உறையிலும் தொடர்ந்தால், ஒட்டுவதற்கு முன்னரே வெட்டியிருக்கிறார்கள். உறையிலிருந்து பிரிந்துவிட்ட முத்திரையில் இந்தச் சாட்சி அழிந்துவிடுகிறது. மாஸ்டர் ஒரு துண்டுக் காகிதத்திற் படம் வரைந்து இதைக் காட்டினார்.

இதற்கிடையில் நாம் முன்னே சொன்ன மூன்றாமவர் தம் வேலையை ஆரம்பித்தார். தேநீர் வேளையில் அவர் இளைஞரின் காதண்டையிற் போய், "அந்தப் பக்கத்தை மட்டும் தாரும், இரண்டாயிரம் ரூபா தருகிறேன்" என்றாராம். எங்கள் வட்டத்தில் எழுதப்படாத விதியொன்று உண்டு: புதியவரிடம் முதல் நாளில் ஒருவரும் எதையும் வாங்குவதில்லை, விலையும் பேசுவதில்லை. தாம் கொண்டுவந்தது இன்னதென்று அறியாதவரிடம் வாங்குவது வியாபாரமாகாது. விலை நியாயமானதாகவே இருந்தாலும், பிற்பாடு அவர் விலைப்பட்டியலைப் பார்க்கும்போது ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார், வட்டத்துக்கும் வரமாட்டார். மாஸ்டர் இதைக் கேள்விப்பட்டு அங்கே போய், உரத்த குரலின்றி, "தம்பி, இன்றைக்கு ஒன்றும் விற்க வேண்டாம். முதலில் இது எது என்று பார்ப்போம்" என்றார். வாங்க வந்தவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றார்.

'இது எது' என்ற வார்த்தையில் ஒரு பொருள் இருந்தது. வெட்டியதைக் கண்டு நாம் அங்கலாய்த்தோமே தவிர, வெட்டப்பட்டது எது என்று கேட்கவில்லை. ஒன்பது பென்ஸ் எண்கோண முத்திரை ஒரு முறை மட்டும் வந்ததல்ல. 1859இல் பல்லின்றி வந்தது. 1861 முதல் பல்லோடு வந்தது. 1863 தொடக்கம் வேறு காகிதத்தில் வந்தது. ஓரத்தை வெட்டிவிட்டால் பல் இருந்ததா இல்லையா என்று சொல்ல வழியில்லை. எஞ்சியிருக்கும் சாட்சி காகிதத்துக்குள்ளே இருக்கும் நீர்க்குறிதான். முந்தியவற்றுட் பெரும்பாலானவற்றில் அது நட்சத்திரம். 1863க்குப் பின் வந்தவற்றிற் கிரீடமும் அதன்கீழ் 'சி சி' என்ற இரண்டு எழுத்துக்களும். ஆனால் நீர்க்குறியைப் பார்ப்பதற்கு முத்திரையின் முதுகைப் பார்க்க வேண்டும். முதுகோ கோதுமைப் பசையினாற் கொப்பியோடு ஒட்டியிருக்கிறது.

புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேதான் முத்திரையைக் கெடுத்துக்கொள்வார்கள். நகத்தால் ஒரு மூலையை நெம்பி மெல்ல உரிப்பார்கள். மேற்பக்கம் முழுதாக வந்துவிட்டதென்று மகிழ்வார்கள். ஆனால் முதுகிலிருந்து ஒரு படலம் கொப்பியோடு தங்கிவிட்டிருக்கும். அந்த இடம் மெலிந்துவிடும். முகத்தைக் கீழாக வைத்துக் கறுப்புத் தட்டிற் பார்த்தால் அது கறுத்த திட்டாகத் தெரியும். அவ்வாறு மெலிந்த முத்திரை, பார்வைக்கு எவ்வளவு அழகாயினும், குறையுடையதே.

மாஸ்டர் இளைஞருக்குச் சொல்லிக்கொடுத்த முறை இதுதான். முதலிற் கொப்பியின் அந்தப் பக்கத்தில், முத்திரையைச் சுற்றி ஓரிரு விரற்கடை விட்டு, காகிதத்தோடு சேர்த்து வெட்டியெடுக்க வேண்டும். இறுக மூடக்கூடிய ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் நனைத்துப் பிழிந்த மையொற்றுத்தாள் அல்லது பஞ்சு வைக்க வேண்டும். அதன்மேல் ஒரு சிறு வலைத்தட்டு. தட்டின்மேல் வெட்டிய துண்டு, முத்திரையின் முகம் மேலே பார்க்க. தண்ணீர் முத்திரையைத் தொடக்கூடாது. பெட்டியை மூடி இரவு முழுவதும் விட்டால் ஈரப்பதமே பசையை இளக்கிவிடும். காலையிற் சாவணத்தால் ஒரு மூலையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தானாக எழும்பினால் எடுக்கலாம். சிறிதும் எதிர்த்தால் மறுபடி மூடி வைக்க வேண்டும். ஒரு நாளுக்கு மேல் விடுவது ஆபத்து. நமது நாட்டு வெப்பத்திற் பூஞ்சணம் பிடிக்கும். எடுத்த முத்திரையை இரண்டு மையொற்றுத்தாள்களுக்கிடையே வைத்து, மேலே ஒரு கனமான புத்தகத்தை ஏற்றிக் காயவிட வேண்டும்.

வெறுந் தண்ணீரில் மிதக்கவிட்டாலென்ன என்று நாம் கேட்டோம். இந்த முத்திரைக்கு அதுவும் பெரும்பாலும் தீங்கு செய்யாது. செதுக்கி அச்சிட்ட மை தண்ணீருக்கு இளகுவது அரிது. ஆனால் கொப்பியில் இருந்த மற்றவை எல்லாம் அப்படிப்பட்டவையல்ல. பாட்டனார் பக்கத்தின் ஓரங்களில் ஊதா மையினாற் குறிப்பு எழுதியிருந்தார். தண்ணீரிலே போட்டால் அந்த மை பரவி முத்திரையிலும் ஏறும். "குறிப்புகளை முதலிற் கமராவாற் படம் பிடித்து வையும், தம்பி. முத்திரை வேறிடத்திலும் கிடைக்கும், பாட்டனாரின் எழுத்துக் கிடையாது" என்றார் மாஸ்டர்.

இன்னொரு சங்கதியும் அன்றைக்கே தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. எங்களிடையே சுற்றுப் புத்தகம் என்று ஒன்று போய்வரும். அங்கத்தவர்கள் தங்களிடம் மேலதிகமாக உள்ள முத்திரைகளைச் சிறு புத்தகங்களில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் விலை எழுதிக் கொடுப்பார்கள். புத்தகம் வீடு வீடாகப் போகும். வேண்டியதை எடுப்பவர், வெறுமையான அந்த இடத்திலே தமது கையொப்பத்தை வைத்து, பணத்தைக் கணக்குத் தாளில் எழுதிக் காரியதரிசிக்கு அனுப்புவார். புதியவரின் முறை எப்பொழுதும் கடைசியில் வரும். முதல் மூன்று கூட்டங்கள் வரையில் புத்தகமே வராது. காரணம் கேளாமலே சிலர் இதை அவமதிப்பாகக் கொண்டு விலகியிருக்கிறார்கள். உண்மையிற் புதியவர் மீது ஐயம் கொண்டு வைத்த விதியல்ல இது. ஒரு நல்ல முத்திரையை எடுத்து அதே வகையிற் பழுதான ஒன்றை அவ்விடத்தில் வைத்துவிட்டால், புத்தகம் பத்து வீடு போய் வந்த பின்னர் யார் மாற்றினார் என்று கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொருவரும் பெற்றவுடன் தமக்கு முந்தியவர் விட்ட நிலையைச் சரிபார்க்க வேண்டும். முழுமைக்கும் பழுதுக்கும் வேறுபாடு தெரியாதவரால் அதைச் செய்ய இயலாது. பிறகு பழி அவர் தலையிலேயே விழும். இதை முதல் நாளிலேயே விளக்கிச் சொன்னால் ஒருவரும் கோபிப்பதில்லை. விதி எழுதிய தாளை மட்டும் கையிற் கொடுப்பதனாலேதான் கோபம் வருகிறது.

அன்று கூட்டம் முடிகிற தறுவாயில் மாஸ்டர் தமது பையிலிருந்து இரண்டு முத்திரைகளை எடுத்து இளைஞர் முன் வைத்தார். ஓர்க்கிட் மலரின் படத்தோடு 1950களின் முற்பகுதியில் வந்த 35 சத முத்திரைகள். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. பூதக்கண்ணாடியைக் கொடுத்து, "வேற்றுமை என்னவென்று பாரும்" என்றார். பூவைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், நிறத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடங்கழித்துச் சிரித்துக்கொண்டு நிமிர்ந்தார். "ஐயா, இதில் தமிழெழுத்தின் மேல் புள்ளி இல்லை!"

அதுதான் வேற்றுமை. முதலில் வந்ததில் ஓர் எழுத்தின் தலையிற் புள்ளி விடுபட்டுப் போயிற்று. 1954இல் புள்ளி சேர்த்துத் திருத்திவிட்டார்கள். இரண்டுக்கும் பெரிய விலையில்லை. ஆனால் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கு, வேற்று மொழியாளர் கண்ணுக்குக் குற்றெனத் தெரிவது எழுத்துப்பிழையாகவே தெரிகிறது. பாட்டனாரின் கொப்பியிலும் அந்த முத்திரை இருக்கிறதா என்று தேடிக்கொண்டே இளைஞர் வீட்டுக்குப் போனார்.

அடுத்த மாதம் வருவாரோ என்று நமக்குச் சந்தேகமிருந்தது. நம்முடைய 'ஐயோ' நம்மையே உறுத்திக்கொண்டிருந்தது. ஆனால் அவர் எங்களுக்கு முன்னதாகவே வந்து அமர்ந்திருந்தார். பெட்டி வைத்த கதையைச் சொன்னார். முதல் நாள் காலையில் மூலை எழும்பவில்லையாம். பொறுமையிழந்து இழுக்கப்போன கையை அம்மா தட்டிவிட்டாராம். பிற்பகலிற் தானாகவே கழன்று வந்ததாம். முத்திரையைக் கண்ணாடித்தாளுறையில் இட்டுக் கொண்டுவந்திருந்தார்.

மாஸ்டர் அதைக் கறுப்புத் தட்டில் முகங்குப்புற வைத்தார். நீர்க்குறி காண்பதற்கென்று விற்கும் திரவத்தில் இரண்டு துளி விட்டார். முன்பெல்லாம் பென்சீன் விடுவார்கள். தீப்பற்றும், மூச்சுக்கும் கூடாது என்பதால் இப்பொழுது எங்கள் அறையில் அதை அனுமதிப்பதில்லை. எல்லோரும் தலைகளை நீட்டினோம். மெலிவின் கறுப்புத் திட்டு எங்கும் இல்லை. நடுவிலே மெதுவாக ஒரு கிரீடத்தின் அடிப்பாகமும், அதன்கீழ் ஓர் எழுத்தின் வளைவும் தெரிந்தன. நட்சத்திரமில்லை.

ஆகவே அது 1859ஆம் ஆண்டு முத்திரையே அல்ல. 1863க்குப் பின் பல்லோடு வந்ததை யாரோ பல்லையும் மூலையையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். வெட்டாதிருந்தாலும் நாம் நினைத்த விலைக்கு அருகிலும் வந்திராது. நாம் விட்ட பெருமூச்சு வீண். அதைவிட வேடிக்கை, ஜன்னலோரக் கனவான் கொடுக்க முன்வந்த இரண்டாயிரம் ரூபா, அந்த முத்திரைக்குக் கொஞ்சம் அதிகமே! அவர் அன்று அதைச் சொல்லிச் சொல்லித் தம்மையே கேலி செய்துகொண்டார். நாமும் சேர்ந்து சிரித்தோம். பின்பு அவரே தமது மேலதிகப் பெட்டியிலிருந்து ஒரு கட்டு ஹிஞ்ச் ஒட்டுத்தாளை எடுத்து, எப்படி மூன்றிலொரு பங்கை மடித்து நாவால் மெல்ல நனைத்து ஒட்ட வேண்டுமென்று இளைஞருக்குக் காட்டினார். பாவித்த முத்திரைகளுக்கு இது போதும்; பாவியாதவற்றுக்கு வேண்டாம், முதுகுப் பசையிற் தழும்பு விழும் என்றும் சொன்னார்.

இளைஞர் முத்திரையை மீண்டும் உறையிலிட்டு, "விலை போகட்டும், ஐயா. இது பாட்டனாரின் ஆறாம் பக்கத்து முத்திரை" என்றார். பின்னர் கொப்பியைத் திறந்து எங்களிடம் நீட்டினார். பதினான்காம் பக்கத்தில் 35 சத ஓர்க்கிட் முத்திரைகள் மூன்று இருந்தன. இரண்டில் புள்ளி இருந்தது. மூன்றாவதன் பக்கத்தில், ஊதா மையில், பாட்டனாரே சிறிய எழுத்தில் எழுதியிருந்தார்: 'புள்ளி இல்லை.'